நாங்களா, நாமா?

போன மாதம் தனுஷ்கோடிக்குப் போனபோது எடுத்த ஒரு படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரிச்சல்முனையில் அடித்த காற்றில் அம்மாவின் குடை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அம்மா குடையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பின்னால் அப்பா, இரண்டு செருப்பையும் கையில் தூக்கிப் பிடித்தபடி. இவர்களுக்கு நடுவில் என் மகள். படத்துக்குக் கீழே நான் எழுதியது: “நாங்க எல்லாரும் தனுஷ்கோடியில! செம ஜாலி!”

சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தினார். மாமா சிரிப்புப் பொம்மை போட்டார். மதுரை அத்தையிடமிருந்து மட்டும் ஒரே ஒரு வார்த்தை வந்தது: “சந்தோஷம்.” அத்தை ஒற்றை வார்த்தையில் பதில் போடுகிறவர் அல்ல. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கும் அவர், எங்களோடு வருவதாக இருந்து கடைசியில் நின்றுபோனவர். என் குறிப்பில் எது இடித்தது என்று அன்று இரவுதான் புரிந்தது. “நாங்க” என்ற ஒரே சொல்.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ படக்குறிப்பு எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கோ வாய் திறந்ததுமே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லியாக வேண்டும். போதாததற்கு நான் “எல்லாரும்” என்றும் சேர்த்திருந்தேன். அந்த எல்லாரில் அத்தை இல்லை.

அதற்காக “நாம எல்லாரும் தனுஷ்கோடியில” என்று எழுதவும் முடியாது, அது பொய். தப்பிக்க வழி நம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. “போயிருந்தோம்” என்பதன் கடைசியில் உள்ள ‘ஓம்’ இரண்டு பன்மைக்கும் பொதுவானது. நாங்களையும் நாமையும் எழுதாமல் வினையை மட்டும் நிறுத்தினால் யாரையும் தள்ளிவைத்ததாக ஆகாது. “நாம” என்பதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

“போயிருந்தோம்” என்ற இறந்தகாலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. “இப்ப இங்க இருக்கோம்” என்று கடற்கரையில் நின்றுகொண்டே எழுதினால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்வதாக ஆகிவிடும். குடும்பக் குழுவுக்குள் போட்ட படம் அங்கேயே நிற்கும் என்று நம்ப முடியாது. மாமா தன் சம்பந்திக்கு அனுப்புவார், அவர் வேறு யாருக்கோ அனுப்புவார். ஊர் திரும்பிய பிறகு போட்டால் போதும்.

அடுத்தது உறவுமுறை. எனக்கு அம்மா, சித்திக்கு அக்கா, அத்தைக்கு அண்ணி, பெரியப்பா பிள்ளைகளுக்குச் சித்தி. முப்பது பேர் இருக்கும் குழுவில் எந்த முறையைச் சொல்வது? பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது: வீட்டில் சின்னக் குழந்தை எப்படிக் கூப்பிடுமோ அப்படி. “தாத்தா”, “பாட்டி” என்று எழுதினால், போன தையில் கல்யாணமாகி வந்த புதுப் பெண்ணுக்கும் படத்தில் இருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்வியும் இருக்கிறது. “பெற்றோருடன் அரிச்சல்முனையில் ஓர் இனிய மாலைப் பொழுது” என்று குடும்பக் குழுவில் எழுதினால் காதுகுத்துப் பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கும். தவிர, அந்த வரியைக் கொடைக்கானல் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரி என்றால் அடித்துவிடலாம். கடலும் வானமும் படத்திலேயே தெரிகின்றன. படத்தில் தெரியாததைத்தான் குறிப்பு சொல்ல வேண்டும்: குடை என்ன ஆனது, அப்பா ஏன் செருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சொந்தக்காரர்கள் கேட்கப் போவது அதைத்தான்.

இத்தனையும் யோசித்து, அத்தைக்குத் தனியாக அதே படத்தை அனுப்பினேன். இந்த முறை எழுதியது இது:

“போன சனிக்கிழமை அரிச்சல்முனை போயிருந்தோம். காத்து குடையைத் திருப்பிருச்சு. பாட்டி அஞ்சு நிமிஷம் சிரிப்பை நிறுத்தலை. தாத்தா போன தடவை செருப்பைக் கடல்ல விட்டவரு, அதான் கையிலயே வச்சிருக்காரு. அத்தை, இப்ப முனை வரைக்கும் கார் போகுது, மணல்ல நடக்க வேணாம். முட்டி சரியானதும் நாம போகலாம்.”

கார் போகும் விஷயம் சும்மா எழுதியதல்ல. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறக்கப்படும் வரை அங்கே போவதென்றால் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அத்தை கடைசியாகப் போனது அந்தக் காலத்தில். முட்டி வலிக்காரருக்கு அந்த ஒரு தகவல்தான் முக்கியம்.

அலுவலகக் குழுவுக்கு இதை அப்படியே தள்ளிவிட முடியாது. முதலில் படமே வேறு. “ஆபீஸ்ல எல்லாரும் நான் இளிக்கிறதைப் பாக்கணுமா?” என்று அம்மா கேட்டுவிட்டார். நியாயம். அதனால் சாலை முடிகிற இடத்தில் இருக்கும் தூணும் கடலும் உள்ள படத்தை எடுத்துக்கொண்டேன்.

கூட வேலை செய்பவர்களுக்கு நம் வீட்டுக் கதை தேவையில்லை. எங்கே போனாய், எப்போது வருவாய் என்பதே அவர்கள் கேள்வி. நான் இல்லாத நான்கு நாளும் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அந்தக் குழுவில் இருக்கிறார். “வேலைத் தொல்லையிலிருந்து விடுதலை!” என்று எழுதினால் அது அவர் தலையில் ஏற்றிய தொல்லைதான். தங்கிய விடுதியின் தரத்தைப் பற்றியும் பேசாமல் இருப்பது நல்லது. சம்பளக் கணக்கு போடுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. மேலாளரும் படிக்கும் இடம் என்பதால் பேச்சுத்தமிழை விட்டு எளிய எழுத்துத்தமிழுக்கு வந்தேன். நகைச்சுவை வேண்டுமென்றால் அது நம்மைப் பற்றியதாக இருந்துவிட்டால் யாருக்கும் வம்பில்லை. இலங்கை அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் கைபேசி அந்நாட்டு அலைவரிசையைப் பிடித்துக்கொண்டது. அதுவே வரியானது:

“அரிச்சல்முனை, தனுஷ்கோடி. என் கைபேசி இலங்கைக்குப் போய்விட்டது. நான் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன்.”

இரண்டு குழுவிலும் போடாமல் வைத்த படம் ஒன்று உண்டு. இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் மகள் குதிக்கும் படம். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அந்த ஊரே அழிந்தது. நூறு பேருக்கு மேல் ஏறியிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. எங்கள் குழுவிலேயே ராமேசுவரத்துக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். குதிக்கும் படத்துக்குக் கீழே வேடிக்கையாக எதை எழுதினாலும் அவர்களுக்கு உறுத்தும். வருத்தமாக எழுதினால் குதிக்கிற குழந்தைக்குப் பொருந்தாது. பிறகு சுவரை மட்டும் தனியாக எடுத்த படத்தைப் போட்டு, தேவாலயத்தின் பெயரும் புயலின் தேதியும் எழுதினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பவர்களுக்கு ஒன்று. அமைப்பை மாற்றாவிட்டால் அது நம் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு நாள் முழுக்கத் தெரியும். அதில் மேலாளரும் இருப்பார், வீட்டுக்காரரும் இருப்பார், அத்தையும் இருப்பார். அங்கே அலுவலகத்துக்கு எழுதியதையே வைத்துவிடுங்கள்.

அத்தையின் பதில் மறுநாள் காலை வந்தது. “எந்த மாசம்?”