மூன்று சுவிட்சுகளும் ஒரு விளையாட்டும்

2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளியானது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு. சில நாட்களிலேயே ஏஎம்டி ரைசன் சிப் வைத்திருந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். விளையாடும்போது விண்டோஸில் Task Manager திறந்து பார்த்தால், சிப்பின் பாதித் திரெடுகள் மும்முரமாக ஓடின, மீதிப் பாதி ஏறக்குறைய சும்மா கிடந்தன. இன்டெல் சிப்புகளில் அப்படி இல்லை. விளையாட்டின் நிரல் கோப்பைத் திறந்து ஆராய்ந்தவர்கள், அதில் ஒரே ஒரு பைட்டை மாற்றினால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். 75 என்று இருந்த இடத்தில் EB என்று எழுதிச் சேமித்ததும் சும்மா கிடந்த திரெடுகளும் வேலைக்கு வந்தன. சிலருக்கு நல்ல வேகம் கிடைத்தது. சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

இந்த இரண்டு விளைவுகளும் ஏன் ஒன்றாக வந்தன என்பது புரிந்துவிட்டால், “எஸ்எம்டியை அணை”, “பிரயாரிட்டியை ஏற்று”, “கோர் பார்க்கிங்கை நிறுத்து” என்று யூடியூபில் சொல்லப்படும் மூன்று வைத்தியங்களையும் எடைபோட்டுவிடலாம்.

சிப்பின் ஒவ்வொரு கோரும் ஒரு முழுமையான கணக்குப் பட்டறை. ஆனால் அது பெரும்பாலும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. தேவையான தரவு பக்கத்திலிருக்கும் கேஷில் இல்லாமல் ரேமிலிருந்து வர வேண்டுமென்றால், நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகின்றன. அந்தக் காத்திருப்பை வீணாக்காமல் அதே கோருக்கு இன்னொரு திரெடையும் கொடுத்துவைப்பதுதான் எஸ்எம்டி. ஒருவருக்குப் பால் காயும் நேரத்தில் அடுத்தவருக்கு டிகாக்ஷன் இறக்கும் டீ மாஸ்டரைப் போல. இன்டெல் இதை ஹைப்பர் திரெடிங் என்ற பெயரில் 2002-லேயே கொண்டுவந்தது. ஏஎம்டி 2017-ல் ரைசனோடு கொண்டுவந்தது. 8 கோர் உள்ள சிப் விண்டோஸில் 16 ஆகத் தெரிவது இதனால்தான். ஆனால் டீ மாஸ்டர் ஒருவர்தான். கணக்குப் போடும் உறுப்புகளும் உள் கேஷும் ஒரே ஒரு ஜோடிக்கு உரியவை. ஆகவே 16 என்று காட்டினாலும் 16 கோரின் பலம் வராது. வேலையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்த ‘கொஞ்சம்’ சில நேரங்களில் மைனஸாகவும் போகும். விளையாட்டின் முக்கியத் திரெட் ஒரு கோரில் ஓடும்போது, அதே கோரில் இன்னொரு உதவித் திரெட் வந்து கேஷைப் பங்கு கேட்டால், முக்கியத் திரெட் பின்தங்கும். ஒவ்வொரு ஃபிரேமும் அந்தத் திரெடுக்காகத்தான் காத்திருக்கிறது.

சைபர்பங்கில் இருந்த அந்த நிரல் துண்டு தவறுதலாக வந்ததல்ல. விளையாட்டு எழுதுவோருக்காக ஏஎம்டியே தன் ஜிபியுஓபன் தளத்தில் ஒரு மாதிரி நிரல் வெளியிட்டிருந்தது. அது சிப்பின் வகையைக் கேட்கும். ஏஎம்டியின் பழைய புல்டோசர் குடும்பம் என்றால் விண்டோஸ் காட்டும் எல்லாத் திரெடுகளையும் பயன்படுத்தும். மற்ற ஏஎம்டி சிப் என்றால் உண்மையான கோர்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். ரைசனில் கோருக்கு ஒரு திரெட் போதும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட தொடக்கநிலைப் பரிந்துரை அது. 75 என்ற பைட் ‘நிபந்தனை பொருந்தினால் மட்டும் தாண்டு’ என்று கோருக்குச் சொல்கிறது. EB ‘எப்படியிருந்தாலும் தாண்டு’ என்கிறது. ரசிகர்கள் அந்தக் கேள்வியையே செல்லாததாக்கிவிட்டார்கள்.

டிசம்பர் மாதத்திலேயே வந்த 1.05 பதிப்பில் நிறுவனம் பதில் சொன்னது. 4 கோர், 6 கோர் ரைசன்களுக்கு மட்டும் எல்லாத் திரெடுகளும் திறந்துவிடப்பட்டன. 8, 12, 16 கோர் சிப்புகளில் எதுவும் மாறவில்லை. ஏஎம்டியோடு சேர்ந்து இரு தரப்பிலும் சோதித்ததில், 6 கோர் அல்லது அதற்குக் குறைவான சிப்புகளில்தான் முன்னேற்றம் தெரிந்தது என்று குறிப்பில் எழுதினார்கள். இதற்கான காரணம் எளிது. விளையாட்டுக்கு ஒரே நேரத்தில் எட்டோ பத்தோ திரெடுகள்தான் உண்மையில் தேவைப்படுகின்றன என்று வையுங்கள். 4 கோர் சிப்பில் இடப்பற்றாக்குறை. அங்கே ஒரு கோரின் மிச்ச நேரம்கூடத் தங்கம். 12 கோர் சிப்பில் எல்லாத் திரெடுக்கும் தனித்தனிக் கோர் கிடைத்துவிடும், இரண்டாவது திரெடால் லாபமில்லை. அங்கே எஸ்எம்டியை அணைத்தாலும் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. விண்டோஸே முதலில் காலியான கோர்களைத்தான் நிரப்பப் பார்க்கும். 4 கோரில் அணைத்தால் மட்டும் படம் திக்கித் திக்கி ஓடும். பழைய 4 கோர் மடிக்கணினியில் பயாஸுக்குள் போய் எஸ்எம்டியை அணைக்கச் சொல்வது நேரடியான கெடுதல் என்பதே என் கருத்து.

அதே 1.05 குறிப்பில் இன்னொரு வரி இருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த வாரங்களில் `memory_pool_budgets.csv` என்ற கோப்பில் எண்களைக் கூட்டினால் வேகம் கூடுகிறது என்று பலர் சொல்லிவந்தார்கள். அந்தக் கோப்பு உருவாக்கக் காலத்தின் மிச்சம், முடிந்த விளையாட்டோடு அதற்குத் தொடர்பே இல்லை என்று சொல்லி நிறுவனம் அதை நீக்கியது. வேகம் கூடியதாகத் தோன்றியது விளையாட்டை மூடித் திறந்ததால் இருக்கலாம் என்றும் எழுதியது. ஒரே வாரத்தில், ஒரே விளையாட்டில், ஒரு மாற்றம் சிலருக்கு உண்மையாகவே பலன் தந்தது. இன்னொன்று எதையும் தொடவே இல்லை. இரண்டையும் செய்தவர்கள் ஒரே நம்பிக்கையோடுதான் பேசினார்கள்.

அடுத்தது பிரயாரிட்டி. Task Manager-ல் Details பக்கத்துக்குப் போய், விளையாட்டின் .exe மீது ரைட் கிளிக் செய்து, Set priority என்பதில் High என்று மாற்றுவது. விண்டோஸுக்குள் முன்னுரிமை 0 முதல் 31 வரை ஓடும் ஓர் அளவுகோல். Normal என்றால் அடிப்படை 8, High என்றால் 13, Realtime என்றால் 24. இது கோரின் வேகத்தைக் கூட்டுவதில்லை. வரிசையில் யார் முன்னால் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. வரிசையே இல்லாத இடத்தில், அதாவது கோர்கள் காலியாக இருக்கும்போது, முன்னுரிமைக்கு வேலை இல்லை. போதாக்குறைக்கு, நீங்கள் முன்னால் திறந்துவைத்திருக்கும் நிரலுக்கு விண்டோஸ் ஏற்கெனவே கூடுதல் நேரம் ஒதுக்குகிறது.

பலன் தெரியும் இடம் ஒன்று உண்டு. விளையாடிக்கொண்டே பின்னால் ஒரு வீடியோவை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், எல்லாக் கோர்களும் நூறு சதவீதத்தில் நிற்கின்றன. அங்கேகூட விளையாட்டை ஏற்றுவதைவிட, வீடியோ மாற்றியை Below normal-க்கு இறக்குவதுதான் பத்திரம். விளையாட்டை ஏற்றினால் அதே கணினியில் ஓடும் குரல் உரையாடலும் பதிவு மென்பொருளும் பின்னுக்குப் போகும். Realtime-ஐத் தொடவே வேண்டாம். அந்த அளவில் ஒரு நிரல் கோர்களைப் பிடித்துக்கொண்டால் மவுஸ் அசையாமல் போகலாம், டிஸ்க்கில் எழுத வேண்டியதும் தேங்கலாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே எச்சரிக்கிறது. பல ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இந்த மாற்றத்தையே மறுத்துவிடும். மாற்ற முடிந்தாலும் விளையாட்டை மூடியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

கோர் பார்க்கிங் விஷயத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை சில சிப்புகளில் நேர்த்தலைகீழாக வேலை செய்கிறது. வேலை குறைவாக இருக்கும்போது சில கோர்களுக்குத் திரெட் அனுப்பாமல் ஒதுக்கிவைத்து அவற்றை ஆழ்ந்த உறக்கத்தில் விடுவது பார்க்கிங். விண்டோஸ் 7 காலத்தில் வந்தது. எழுப்ப நேரமாகும், அதனால் திக்கும் என்பதே அதை நிறுத்தச் சொல்பவர்களின் வாதம். 2017-ல் ஏஎம்டியே ரைசனுக்கென ஒரு பவர் பிளானை வெளியிட்டு, அதில் பார்க்கிங்கை முடக்கியிருந்தது. ஆகவே அந்த வாதம் அடிப்படையில்லாதது அல்ல.

ஆனால் 2023-ல் வந்த ரைசன் 9 7950X3D-ஐப் பாருங்கள். அதன் 16 கோர்கள் எட்டெட்டாக இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. ஒரு சில்லுக்கு 96 எம்பி எல்3 கேஷ், மற்றதற்கு 32 எம்பி. கேஷ் குறைந்த சில்லு அதிக வேகத்தில் துடிக்கும். விளையாட்டுகளுக்கோ பெரும்பாலும் கேஷ்தான் வேண்டும். விளையாட்டின் திரெடுகள் இரண்டு சில்லுகளிலும் சிதறினால், ஒன்றிலிருக்கும் தரவை மற்றது கேட்டு வாங்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எனவே ஏஎம்டியின் டிரைவர், விண்டோஸின் கேம் பார் “இது விளையாட்டு” என்று அடையாளம் சொன்னதும், கேஷ் குறைந்த எட்டுக் கோர்களையும் வேண்டுமென்றே பார்க் செய்கிறது. இங்கே பார்க்கிங்தான் வேகத்துக்கு வழி. ‘எல்லாக் கோர்களையும் எழுப்பும்’ இலவச மென்பொருளை இந்தக் கணினியில் ஓட்டுபவர், விலை கொடுத்து வாங்கிய கேஷின் பலனைத் தானே இழக்கிறார்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். Resource Monitor திறந்து CPU பக்கத்தின் வலது ஓரத்தில் ஒவ்வொரு கோரின் வரைபடத்தையும் பாருங்கள். விளையாட்டு ஓடும்போது பாதி வரைபடங்களின் தலைப்பில் Parked என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் விளையாட்டுக்குள் Win + G அழுத்தி, கேம் பாரின் அமைப்பில் “Remember this is a game” என்பதைத் தேர்ந்தெடுங்கள். பவர் பிளான் Balanced-ல் இருக்க வேண்டும். High performance-க்கு மாற்றினால் இந்த ஏற்பாடு குலையும்.

எதையும் மாற்றுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உங்கள் விளையாட்டு சிப்புக்காகக் காத்திருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டுக்காகவா? கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றால் இந்த மூன்று சுவிட்சுகளும் ஒரு எஃப்பிஎஸ்கூடத் தராது. ரெசல்யூஷனை 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் குதித்து ஏறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் தடை சிப், அப்போது சோதிப்பதில் அர்த்தம் உண்டு.

சோதிப்பதற்கு கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவி போதும். விளையாட்டிலேயே பெஞ்ச்மார்க் இருந்தால் அது, இல்லையென்றால் ஒரே சேமிப்பிலிருந்து ஒரே தெருவில் நடக்கும் ஒரு நிமிடம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் விளையாட்டை மூடித் திறங்கள், அந்தக் கோப்பு விவகாரம் நினைவிருக்கட்டும். மாற்றத்துக்கு முன் மூன்று ஓட்டம், பின் மூன்று ஓட்டம். சராசரியை மட்டும் பார்க்காமல், மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களைக் காட்டும் 1% low எண்ணையும் பாருங்கள். திக்கல் தெரிவது அங்கேதான். மாற்றத்துக்கு முன்னாலான மூன்று ஓட்டங்களே தமக்குள் மூன்று எஃப்பிஎஸ் வேறுபட்டால், மாற்றத்துக்குப் பின் கிடைக்கும் இரண்டு எஃப்பிஎஸ்ஸைக் கணக்கில் எடுக்க முடியாது.

பார்க்கிங்கைச் சோதிக்க வேண்டுமென்றால் தனி மென்பொருள் தேவையில்லை. நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் விண்டோவில் இது போதும்:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor CPMINCORES 100
powercfg /setactive scheme_current
```

குறைந்தது நூறு சதவீதக் கோர்கள் விழித்திருக்கட்டும் என்று பொருள். மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது மட்டும் செல்லும், பேட்டரியில் ஓடும் மடிக்கணினியைத் தொடாது. பலன் இல்லையென்றால் `powercfg -restoredefaultschemes` என்று அடியுங்கள், எல்லா பவர் பிளான்களும் விண்டோஸின் தொடக்க அமைப்புக்குத் திரும்பிவிடும். நீங்கள் முன்பு கைப்பட மாற்றிய ஸ்லீப் நேரம் போன்றவையும் அதோடு போய்விடும் என்பதால், அவற்றை முதலில் எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.