மருத்துவமனை ஃபைலை தமிழில் கேட்டால் கொடுப்பாங்களா? சட்டம் சொல்வது என்ன?

ஈரோடு பக்கம் ஒரு நெசவாளர், வயது 52 என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுவலி என்று பெரிய ஊருக்குப் போய், ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். கையில் ஒரு தடிமனான ஃபைல். உள்ளே இருப்பது எல்லாமே ஆங்கிலம். மாத்திரை அட்டை தீர்ந்ததும், "வலிதான் இல்லையே" என்று ஒரு மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து, மறுபடி மாரடைப்பு வரலாம். எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவரால்தான் படிக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்ததும் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். "எனக்கு ஆங்கிலம் தெரியாது. எனது அனைத்து மருத்துவ ஆவணங்களையும் தமிழில் மொழிபெயர்த்து அனுப்பி வைக்கவும்" என்பதுதான் அதன் சாரம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் இப்படி எழுதினால் பெரும்பாலும் வேலை நடக்காது. காரணம், இந்த ஒரே வரிக்குள் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு விதியின் பலம் உண்டு. இன்னொன்றுக்கு இல்லை.

நகல் கேட்பது உரிமையா?

ஆமாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளரோ ஆவணங்களைக் கேட்டால், அந்தக் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அதே மாதத்தில் அவற்றை நிறுத்தி வைத்துவிட்டு, 2002 விதிகளே தொடரும் என்று அறிவித்தது.

மொழிபெயர்ப்பு?

இங்கேதான் சிக்கல். ஆவணத்தை நோயாளியின் மொழிக்கு மாற்றித் தர வேண்டும் என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை. மருத்துவமனை கொடுக்க வேண்டியது, எழுதியது எழுதியபடி இருக்கும் நகலை மட்டும்தான். அதனால் "தமிழில் கொடுங்க" என்ற ஒரே வரிக் கடிதத்துக்கு "எங்களிடம் அந்த வசதி இல்லை" என்று பதில் எழுதிவிட்டு, நகலையும் சேர்த்துக் கிடப்பில் போட்டுவிட முடியும். கேட்டவரே தனக்கு இருந்த 72 மணி நேரப் பலத்தை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

(இலங்கையில் நிலைமை வேறு. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும், சட்டப்படி நகல் பெற உரிமையுள்ள அரசு ஆவணத்தை ஒருவர் தமிழிலோ, தமிழ் மொழிபெயர்ப்பாகவோ கேட்கலாம் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.)

அப்படியென்றால் தமிழ் தெரிந்தவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தை 2019-ல் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு அனுப்பியது. நோய் என்ன, சிகிச்சை என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் டாக்டர் விளக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தச் சாசனம் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 'மொழிபெயர்த்துக் கொடு' என்பதைவிட 'எனக்குப் புரியும்படி விளக்கு' என்ற கோரிக்கைக்கு அது வலுவான பிடி.

முழு ஃபைலும் தமிழில் வந்தால் நல்லதா?

யோசிக்க வேண்டிய கேள்வி. நர்ஸ் சார்ட், ரத்த அழுத்தக் குறிப்பு, பில் என நெசவாளரின் ஃபைலில் பாதிக்கு மேல் தமிழில் வந்தும் அவருக்கு உபயோகமில்லை. உபயோகமானதையும் அவசரமாக மொழிபெயர்த்தால் ஆபத்து உண்டு. பரிசோதனை முடிவில் 'நெகடிவ்' என்று இருந்தால் அந்தக் கிருமியோ நோயோ தென்படவில்லை என்று பொருள். அகராதியைப் பார்த்து 'எதிர்மறை' என்று எழுதினால் படிப்பவர் பயந்துபோவார். 'பாசிட்டிவ்' என்பது 'நேர்மறை' ஆனால் நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்வார். 'கம்ப்ளெயின்ட்ஸ்' என்பது நோயாளி சொன்ன தொந்தரவுகள். அது 'புகார்கள்' ஆகிவிடும்.

மருந்துப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் க, ப, ட போன்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் பல ஒலிகளுக்குப் பொது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மருந்துகள் தமிழ் எழுத்தில் இன்னும் நெருங்கிவிடும். அதனால் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அட்டையில் இருக்கிற மாதிரியே ஆங்கிலத்தில் இருக்கட்டும். எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்பது மட்டும் தமிழில் வந்தால் போதும். '1-0-1' என்று இருந்தால் "காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று" என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதைத் தெரியாமல் தினமும் வலி மாத்திரை போடுபவர்களும் இருக்கலாம்.

சரி, கடிதத்தை எப்படி எழுதுவது?

தமிழிலேயே எழுதலாம். கோரிக்கைகளைப் பிரித்து எழுதுவதுதான் முக்கியம். நெசவாளரின் கடிதம் இப்படி இருந்திருக்கலாம்:

"மருத்துவக் கண்காணிப்பாளர் / மருத்துவ ஆவணப் பிரிவு அவர்களுக்கு. நான் தங்கள் மருத்துவமனையில் (சேர்ந்த தேதி) முதல் (வீடு திரும்பிய தேதி) வரை உள்நோயாளியாக இருந்தேன். எனது நோயாளி எண் இது.

1. எனது கேஸ் ஷீட், ஆஞ்சியோ ரிப்போர்ட் மற்றும் சிடி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களை 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தரவும். நகல் கட்டணம் செலுத்தத் தயார்.

2. எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மருந்து விவரத்தையும், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் தமிழில் எழுதி, டாக்டர் கையெழுத்துடன் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால், நேரில் தமிழில் விளக்க ஒரு நாள் ஒதுக்கவும். இரண்டாவது கோரிக்கைக்காக முதல் கோரிக்கையைத் தாமதிக்க வேண்டாம்."

அந்தக் கடைசி வரிதான் இந்தக் கடிதத்தின் உயிர். இரண்டாவது கோரிக்கை ஒரு பக்கத்துக்குள் முடியும் வேலை என்பதால், மறுப்பதும் அவ்வளவு சுலபம் இல்லை.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்க. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கோங்க. வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். எப்போது கேட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் 72 மணி நேரம் என்ற கணக்குக்கு அர்த்தமே இல்லை. வேறொருவரை அனுப்பினால் நோயாளி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கொடுத்து அனுப்பணும்.

அரசு மருத்துவமனை என்றால் இன்னொரு வழியும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே மனு போடலாம், பதில் தர 30 நாள் அவகாசம். ஆனால் அங்கேயும் கிடைப்பது இருக்கிற ஆவணத்தின் நகல்தான்.

நகலே தரவில்லை என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். புகாரில் "நகல் தரவில்லை" என்பதை முன்னால் வையுங்க. "தமிழில் தரவில்லை" என்பது மட்டும் இருந்தால் புகார் நிற்பது கடினம்.

ஒரு எச்சரிக்கை. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றுதான் அதே விதிகள் சொல்கின்றன. ஸ்டென்ட் வைத்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது என்றால், மொழிபெயர்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நகலுக்கான கடிதம் இந்த வாரமே போகட்டும்.