வீட்டிலேயே உடலை நீட்டிப் பழக: எந்தச் செயலியின் வழிகாட்டல் புரிகிறது?



சென்ற மாதம் நம் மகளிர் சந்திப்பு முடிந்ததும் ஒரு சகோதரி தனியாக வந்து கேட்டார். வயது 44. தொடையின் பின்பக்கமும் கணுக்காலும் இறுகிப்போய், தொழுகையில் அத்தஹிய்யாத்துக்கு உட்காருவதே பெரும் சிரமமாக இருக்கிறது. மகன் போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தான். திரையில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து குனிந்து கால் விரலைத் தொடுகிற படம், அதன் கீழே 30 வினாடி ஓடும் கடிகாரம். இவரும் விரலைத் தொட்டே தீருவது என்று இழுத்தார். மறுநாள் நடு முதுகுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழ முடிந்தது. "செயலி தப்பா, நான் செய்தது தப்பா?" என்றார்.

படத்தில் தவறில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டிய எதையும் அந்தப் படம் சொல்லவில்லை. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை நட்சத்திரம், எத்தனை ஆயிரம் பேர் இறக்கினார்கள் என்றுதான் பார்க்கிறோம். வீட்டில் பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லாதவர் பார்க்க வேண்டியது, அதன் வழிகாட்டல் எவ்வளவு தெளிவு என்பதைத்தான். அதைச் சோதிக்க அந்தச் சகோதரி செய்த அதே பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் சாய்வது ஏறக்குறைய எல்லாச் செயலியிலும் இருக்கிறது.

இதைச் சரியாகச் செய்வது எப்படி? போர்வையை நாலாக மடித்து அதன் நுனியில் உட்கார வேண்டும். உட்காரும் இடம் சற்று உயர்ந்தால்தான் முதுகு நிமிரும். முழங்கால்களை லேசாக மடக்கிக்கொள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை. பிறகு முதுகை வளைக்காமல், தொடையும் அடிவயிறும் சேரும் அந்த மடிப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும். ருகூவில் முதுகை நேராக வைத்துக் குனிவது நமக்குப் பழக்கம்தான். அங்கே எந்த மூட்டு மடங்குகிறதோ அதே மூட்டுத்தான் இங்கேயும். கை முழங்காலுக்குக் கீழே எங்கே எட்டுகிறதோ அங்கே இருந்தால் போதும்.

இழுவை தொடையின் பின்பக்க நடுவில் தெரிந்தால் சரி. கீழ் முதுகில் தெரிந்தால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். முழங்காலின் பின்குழியில் சுரீர் என்றாலோ, காலில் மின்சாரம் ஓடுவதுபோல் கூசினாலோ, மரத்தாலோ, அது தசை இழுபடுவதல்ல, நரம்பு இழுபடுவது. உடனே விட்டுவிட வேண்டும்.

ஆக நல்ல வழிகாட்டல் எப்படி உட்காருவது, எந்த மூட்டிலிருந்து சாய்வது, இழுவை எங்கே தெரிய வேண்டும், முடியாதவர் என்ன மாற்றிக்கொள்வது, எப்படித் திரும்பி வருவது என்று எல்லாவற்றையும் சொல்லும். அதையும் நீங்கள் குனிந்திருக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். குனிந்த தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தால் கழுத்து திருகும். அதனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். இது நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை. தேறாத செயலிகள் நிறைய.

இந்தக் கண்ணோடு மூன்று செயலிகளைப் பார்க்கலாம். Bend என்பது உடலை நீட்டும் பயிற்சிகளுக்கு மட்டுமான செயலி. வரைந்த படம், நேரக் கடிகாரம், அடுத்த படம் என்று எளிமையாக நகரும். படத்தைப் பார்த்தே பின்தொடரும்படி அமைந்தது. ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் எழுத்தில் விளக்கம் உண்டு. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்து மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு தரையில் இறங்குபவருக்கு இது உதவும். படத்தை மட்டும் பார்த்துச் செய்பவருக்கு, அந்தச் சகோதரிக்கு நடந்ததுதான் நடக்கும்.

Down Dog அதற்கு நேர் எதிர். ஒருவர் செய்துகாட்டும் காட்சியோடு குரல் தொடர்ந்து சொல்லிக்கொண்டே வரும். Beginner 1 என்ற நிலையைத் தேர்ந்தெடுக்கலாம், எத்தனை நிமிடம் என்பதையும் குரலையும் மாற்றலாம். இசையின் ஒலியைத் தனியாகக் குறைத்துவிட்டுப் பேச்சை மட்டும் கேட்கலாம். கவிழ்த்து வைக்கும் சோதனையில் மூன்றில் இதுவே முந்தும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பயிற்சி வரிசையைப் புதிதாகக் கோத்துத் தருகிறது. அலுப்புத் தட்டாது என்று அதைச் சிறப்பாகச் சொல்வார்கள். ஆனால் முதல் மாதத்தில் ஒரே ஐந்து அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துதான் உடல் கற்கும்.

ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் கொண்டுவந்த Y-Break, அலுவலக இடைவேளைக்கான ஐந்து நிமிடப் பயிற்சி. பெரும்பாலும் நின்றபடியே கையை உயர்த்துவது, தோளைச் சுழற்றுவது போன்ற அசைவுகள். எப்போதும் ஒரே வரிசை என்பதால் சில நாளில் மனப்பாடம் ஆகிவிடும், திரையே தேவைப்படாது. கடைசியில் மூச்சுப் பயிற்சியும் தியானமும் வரும். கழுத்தும் தோளும் இறுகித் தையல் மெஷினில் உட்காருபவருக்கு இது பொருந்தும். தொடைக்கும் கணுக்காலுக்கும் இதில் அதிகம் இல்லை.

குரல் தெளிவாக இருந்தாலும் ஒரு சொல் நம்மை ஏமாற்றும், அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலக் குரல் 'ஹிப்' என்னும்போது தொடை எலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டைச் சொல்கிறது. நாம் அதை 'இடுப்பு' என்று புரிந்துகொள்கிறோம். நம் வீட்டுப் பேச்சில் இடுப்பு என்றால் குடம் வைக்கிற இடம், பாவாடை கட்டுகிற இடம். 'இடுப்பிலிருந்து குனி' என்று கேட்டதும் அந்த இடத்தில் வளைகிறோம், கீழ் முதுகு இழுபடுகிறது. தமிழில் பேசும் காணொளிகளிலும் இதே சிக்கல். 'ஹிப்' என்று காதில் விழுந்தால் கையைத் தொடை மடிப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கை நசுங்கும்படி சாயுங்கள். கை நசுங்காமல் முதுகு மட்டும் கூனினால் தவறு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து இடம். கட்டிலும் பீரோவும் போக நம்மில் பலருக்கு மிஞ்சுவது ஆறு அடிக்கு மூன்று அடி. மல்லாந்து படுக்க அது போதும். கைகளை இருபக்கமும் விரித்தால் போதாது. விரித்த கைகளின் அகலம் ஏறக்குறைய நம் உயரம். அப்படி விரிக்கச் சொன்னால் முழங்கையை மடக்கி, விரல்கள் தலைப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியில் பாதத்தைக் கை எட்டாவிட்டால் பழைய துப்பட்டாவைப் பாதத்தில் மாட்டிப் பிடிக்கலாம். இப்படி மாற்று வழியைத் தானே சொல்லும் செயலி நம் வீட்டுக்கு ஏற்றது. சொல்லாததும் பயன்படும், ஆனால் மாற்றத் தெரிந்தவருக்குத்தான். தொழுகை விரிப்பைத் தொழுகைக்கே வைத்துவிட்டு, இதற்கு வழுக்காத தனிப் பாயாகப் பாருங்கள்.

யோகா என்றதும் மார்க்க ரீதியாகச் சிலருக்குத் தயக்கம் வருவது இயல்பே. இந்தோனேசியாவின் உலமா சபை 2009-ல் இதை ஆராய்ந்து, மந்திரம் ஓதுதல் போன்ற சடங்குகள் கலந்தது கூடாது, வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதற்குத் தடையில்லை என்று பிரித்துச் சொன்னது. உங்கள் ஐயத்தை நம் ஆலிம்களிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மனம் ஒப்பாதவர், உடலை நீட்டும் பயிற்சிகளுக்கென்றே உள்ள செயலிகளை எடுத்துக்கொள்ளலாம். சூரியனுக்கு வணக்கம் என்று பெயரிட்ட வரிசைகளையும் தியானப் பகுதியையும் விட்டுவிடுவதால் தசைக்கு ஒரு நட்டமும் இல்லை.

செயலியைத் திறந்ததும் கேமராவுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள். படமும் குரலும் கேமரா இல்லாமலே வரும். 'சில நாள் இலவசம்' என்று சொல்லி வங்கி விவரம் கேட்கும் இடத்தில், இலவச நாள் முடிந்ததும் பணம் தானாகக் கழியும் என்பதை மறக்க வேண்டாம். முதுகுத் தட்டு விலகல், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் முன்னால் சாயும் பயிற்சியை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவருக்கு இழுவை எவ்வளவு என்று உணர்வே சொல்லாது, அவரும் கேட்டுவிட்டே செய்யட்டும்.

அந்தச் சகோதரிக்கு ஆங்கிலக் குரல் பிடிபடவில்லை. மகள் ஒரு வேலை செய்தாள். செயலியில் உள்ள விளக்கத்தைப் படித்து, நான் சொன்ன திருத்தங்களையும் சேர்த்து, தன் குரலில் தமிழில் போனில் பதிவு செய்து கொடுத்தாள். மூன்றே பயிற்சி: போர்வை மேல் உட்கார்ந்து முன்னால் சாய்வது, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, தொடைக்கும் குதிகாலுக்கும் இடையே தலையணை வைத்து மண்டியிட்டு உட்காருவது. ஒவ்வொன்றும் 30 வினாடி, இரண்டு முறை. கெண்டைக்காலுக்கு மட்டும் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை. வாரத்தில் நான்கு நாள், அஸருக்குப் பின். முதல் இரண்டு வாரம் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டார். ஆறாவது வாரத்தில் தலையணை போய், மடித்த போர்வை வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கால் விரலை இன்னும் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை.

மகளின் பதிவில் முதல் பயிற்சி இப்படித்தான் வருகிறது. விரும்புபவர் தம் வீட்டாரின் குரலில் பதிந்துகொள்ளலாம்:

"உம்மா, போர்வை நுனியில உட்காருங்க. முழங்கால லேசா மடக்குங்க. கையைத் தொடை மடிப்புல வைங்க. முதுகை நிமிர்த்தி, கை நசுங்குற மாதிரி முன்னால சாயுங்க. இப்ப கைய எடுத்துக் காலுல எங்க எட்டுதோ அங்க வைங்க. தொடைக்குப் பின்னால இழுக்குதா? அங்கேயே நில்லுங்க. முதுகுல இழுத்தா கொஞ்சம் பின்னால வாங்க. மூச்சைப் பிடிக்காதீங்க, நான் முப்பது எண்ணுறேன்... போதும். முதல்ல நெஞ்சைத் தூக்குங்க, அப்புறம் தலை. மெதுவா."