மழையால ஆண்டு விழா தள்ளிப்போகுது... பள்ளி முதல்வரின் கடிதத்தில் என்ன இருக்கணும்?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிவியில் எல்லாம் மரக்காணமும் புதுச்சேரியும்தான் ஓடிக்கொண்டிருந்தன. கடலில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற அரூரில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு மழை வந்தால் சந்தோஷம்தான். 'ஏரி நிறையட்டும்' என்பார்கள்.

ஆனால் புயல் கரையைக் கடந்ததோடு கதை முடியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, வலுவிழந்து, மெதுவாக மேற்கே நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலும் இரவுமாகக் கொட்டிய மழையில், திங்கள் காலை 8.30 மணிக் கணக்குப்படி அரூரில் 33 சென்டிமீட்டர் பதிவானது. பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அங்கே பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப்போனதை நாடே பார்த்தது.

தர்மபுரி மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது என்றால் யோசித்துப் பாருங்கள்.

சரி, இதற்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அரூர் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆண்டு விழா என்று வைத்துக்கொள்வோம். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சு. பிள்ளைகளுக்கு நடன உடை வாடகைக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை காலை முதல்வர் வானத்தைப் பார்க்கிறார். என்ன எழுதுவார்? எப்போது எழுதுவார்?

முதல் தப்பு: 'மழை நின்றால் விழா உண்டு'

நிறைய பள்ளிகள் செய்கிற தப்பு இதுதான். 'மழை பெய்யாவிட்டால் விழா நடைபெறும்' என்று ஒரு வரி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு முழுக்கப் பள்ளி போன் அடித்துக்கொண்டே இருக்கும். தர்மபுரி டவுனில் மழை இருக்காது, அரூரில் பெய்யும். அரூரில் விட்டிருக்கும், பாப்பிரெட்டிப்பட்டியில் கொட்டும். எந்த ஊர் மழையை வைத்து முடிவு செய்வது?

இதில் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறவர்கள் வெளியூரில் வேலை செய்கிற பெற்றோர்தான். இந்த மாவட்டத்தில் இருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். மகளின் நடனத்தைப் பார்க்க ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறுவார் அப்பா. அவருக்கு 'மழை நின்றால்' என்ற கடிதத்தால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. வரலாமா, வேண்டாமா? அவருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். அதுவும் பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரியவேண்டும்.

அதனால் சனிக்கிழமை விழா என்றால், வெள்ளி மதியத்துக்குள் முடிவு எடுத்துவிடுவது நல்லது. மூன்று மணிக்கு எல்லாம் கடிதம் அச்சாகி, டைரியில் ஒட்டிப் பிள்ளைகள் கையில் போய்விட வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கும், பாட்டி தாத்தாவிடம் வளர்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கும் காகிதம்தான் போய்ச் சேரும். வாட்ஸ்அப் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முடிவு எடுக்க எதைப் பார்ப்பது? சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக வரும் நாட்களுக்கான முன்னறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது. அதில் 'கனமழை' என்று இருந்தால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். 'மிகக் கனமழை' என்றால் 12 முதல் 20. அதற்கு மேல் போனால் 'அதி கனமழை'. நம் மாவட்டத்தின் பெயருக்கு நேரே இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே, திறந்த மைதானத்தில் விழா நடத்தும் யோசனையைக் கைவிட்டுவிடலாம். ஆட்சியர் விடுமுறை விடுகிறாரா என்று காத்திருக்கவும் தேவையில்லை. அந்த அறிவிப்பு பெரும்பாலும் அன்று காலையிலோ முந்தைய நாள் இரவிலோதான் வரும். பந்தலுக்கும் பஸ்ஸுக்கும் அது ரொம்ப லேட்.

'மண்டபத்துக்கு மாத்திடலாமே?'

இதைச் சில பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மண்டபத்துக்குப் போனால் மேடை நனையாது. சவுண்ட் சர்வீஸ்காரரின் ஒயர் ஈரத்தில் கிடக்காது. துணிப் பந்தலில் மழைத் தண்ணீர் தேங்கித் தொந்தி மாதிரி தொங்கி, கம்பத்தோடு சாயும் ஆபத்தும் இல்லை.

ஆனால் பிரச்னை மேடையில் மட்டும் இல்லை, வழியிலும் இருக்கிறது. விழா முடிய இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். அந்த நேரத்தில் சித்தேரி மலைக்குப் போகவேண்டிய பிள்ளை எப்படிப் போகும்? மலைப்பாதையில் மண் சரிந்தால்? கீழே சமவெளி ஊர்களுக்கும் இதே கதைதான். பகலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய தரைப்பாலத்தில் இரவில் எவ்வளவு ஓடுகிறது என்று பைக்கில் வருகிற அப்பாவுக்குத் தெரியாது. முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா. இந்தக் காட்சியை மனதில் வைத்துத்தான் முதல்வர் முடிவு எடுக்க வேண்டும். கூடுகிற பிள்ளைகள் எல்லாரும் டவுனுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்றால் மண்டபம் சரி. கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் என்றால் தேதியை மாற்றுவதுதான் வழி.

இரண்டாவது தப்பு: 'திங்கட்கிழமை வெச்சுக்கலாம்'

இங்கேதான் ஃபெஞ்சல் நல்ல பாடம். சனிக்கிழமை விழாவைத் தள்ளிவைக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, 'ரெண்டு நாள் தள்ளி வைப்போம், புயல் போயிடும்' என்பது. பந்தல் சாமான் அங்கேயே கிடக்கும், உடையையும் திருப்பித் தரவேண்டாம். கணக்கு எல்லாம் சரியாகத்தான் வரும்.

அப்படி டிசம்பர் 2, திங்கட்கிழமை என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரூரில் 33 சென்டிமீட்டர் பதிவான காலை அதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட நாளும் அதுதான். ஒரே வாரத்தில் இரண்டாவது கடிதம் எழுதவேண்டி வந்திருக்கும். மூன்றாவது கடிதத்தை எந்தப் பெற்றோரும் நம்ப மாட்டார்கள்.

புயல் கரையைக் கடப்பது கடலோர மாவட்டங்களுக்கான கணக்கு. உள் மாவட்டங்களுக்கு அதன் மிச்சம் ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்துத்தான் வந்து சேரும். மழை விட்டதும் மைதானம் காய்ந்துவிடாது என்பதும் உண்டு. மைதானத்தில் குதிகாலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால், பந்தல் கம்பம் அங்கே நிற்காது.

அப்படியானால் அடுத்த சனிக்கிழமை, டிசம்பர் 7? அதற்குப் பின்னாலேயே அரையாண்டுத் தேர்வு நிற்கிறது. பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறை. பிறகு பொங்கல். வடகிழக்குப் பருவமழைக் காலமும் டிசம்பரோடு முடிகிறது. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் ஜனவரி கடைசி வாரம்தான் வசதி. ஊருக்கு வருகிற பெற்றோருக்கு லீவு கேட்க நேரமும் கிடைக்கும்.

அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்

நம் கற்பனைப் பள்ளியின் முதல்வர் எழுதுகிற கடிதத்துக்கு ஒரு மாதிரி:

"29.11.2024, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நாளை (30.11.2024, சனிக்கிழமை) மாலை 5 மணிக்கு நடக்க இருந்த நம் பள்ளி ஆண்டு விழா நாளை நடைபெறாது. விழா 25.01.2025, சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, நம் பள்ளி மைதானத்திலேயே நடைபெறும்.

புயல் காரணமாகக் கனமழை எதிர்பார்க்கப்படுகிறது. இரவில் பிள்ளைகள் வீடு திரும்பும் வழி பாதுகாப்பாக இருக்காது என்பதால் இந்த முடிவு. நாளை மழை பெய்யாவிட்டாலும் இதில் மாற்றம் இல்லை. வெளியூரில் இருந்து வர இருப்பவர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

நடன உடைக்கு நீங்கள் கொடுத்த பணம் புதிய தேதிக்கு அப்படியே பயன்படும். மறுபடி பணம் கட்ட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோன உடைகளை வகுப்பு ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிடவும்.

நாளை பள்ளி வேன் ஓடாது. பிள்ளைகளை ஒத்திகைக்கும் அனுப்ப வேண்டாம்.

மேடை ஏறத் தயாராக இருந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். யாருடைய நிகழ்ச்சியும் நீக்கப்படவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதல்வர்."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். முடிவு முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. 'இயற்கையின் சீற்றத்தால் தவிர்க்க முடியாத சூழ்நிலையில்...' என்று நீட்டினால், போனில் முதல் இரண்டு வரி மட்டும் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. தேதியோடு கிழமையும் வருடமும் இருக்கின்றன. வருடம் எதற்கு என்றால், அடுத்த நவம்பரில் மழை வரும்போது யாராவது இதே கடிதத்தின் போட்டோவை மறுபடி குரூப்பில் போட்டுவிடுவார்கள்! அப்போது குழப்பம் வராது.

நேரம் ஐந்தில் இருந்து நான்காக மாறியிருப்பதும் காரணத்தோடுதான். ஜனவரி இரவில் பனி இறங்கும். ஒரு மணி நேரம் முன்னால் ஆரம்பித்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

உடைப் பணம் பற்றிய வரியைப் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. பெற்றோர் முதலில் கேட்பதே அதுதான். பள்ளி அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் வாடகைக் கடைக்காரரிடம் பேசியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். நாள் வாடகைக்குத் தருகிறவர்கள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதைக் கடிதம் போவதற்கு முன்பே பள்ளி முடிவு செய்துவிட வேண்டும். பெற்றோர் தலையில் விழுந்தால், அதையும் ஒளிக்காமல் இவ்வளவு ரூபாய் என்று எழுதிவிடுவதே மரியாதை.

கடைசிப் பத்தி பெரியவர்களுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் 'தள்ளிவைப்பு' என்றால் 'இனிமே கிடையாது' என்றுதான் புரியும். ஒரு மாதமாகப் பட்டாம்பூச்சி இறக்கையைக் கட்டிக்கொண்டு ஆடிப் பழகிய பிள்ளை அது. அம்மா கடிதத்தைப் படித்துக்காட்டும்போது, 'உன் டான்ஸ் இருக்குதாம்' என்று சொல்ல ஒரு வரி வேண்டாமா?

ஜனவரி 20-ம் தேதி வாக்கில் இன்னொரு கடிதம் போகவேண்டும். இரண்டே வரி போதும்: 'வரும் சனிக்கிழமை ஆண்டு விழா. மாலை 4 மணி.' இரண்டு மாதம் முன்னால் டைரியில் ஒட்டிய காகிதம் யார் ஞாபகத்திலும் இருக்காது.