முகம் அசையாது, பின்னணி ஓடும்

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்தில் நாயகன் மணிக்கூண்டின் படிக்கட்டிலிருந்து கீழே பார்க்கும்போது, தரை திடீரென்று ஆழத்துக்குள் நழுவும். படிக்கட்டின் சிறு மாதிரியைப் படுக்கவைத்து எடுத்த ஷாட் அது. கேமரா ஒரு பக்கம் நகர, ஜூம் அதற்கு எதிராக வேலை செய்கிறது.

ஒன்றை நெருங்கினால் அது பெரிதாகத் தெரியும் என்பது கண்ணின் பழக்கம். இங்கே கேமரா நெருங்கியும் முகம் அதே அளவில் நிற்கிறது, பின்னணி மட்டும் விலகி ஓடுகிறது. நகர்கிறோமா, நிற்கிறோமா என்று மூளைக்குப் பிடிபடாததுதான் அந்தக் கிறுகிறுப்பு.

இதற்கான கணக்கு எளிது: தூரம் பாதியானால் ஃபோகல் லெங்த்தும் பாதியாக வேண்டும். நடிகரிடமிருந்து 4 மீட்டரில் 70 மி.மீ. வைத்துத் தொடங்கினால், 2 மீட்டரில் 35 மி.மீ. இருக்க வேண்டும். நடுவே 3 மீட்டரில் ஏறக்குறைய 52. ஜூம் வளையம் சீராகத் திரும்பாது. அதனால் தரையில் அரை மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டி, ஒவ்வொரு இடத்திலும் முகத்தின் அளவு பொருந்தும் புள்ளியை வளையத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் நெற்றிக்கும் தாடைக்கும் கோடு போட்டு வைத்தால், முகம் வீங்கிச் சுருங்குவது உடனே தெரிந்துவிடும். ஃபோகஸைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

சுவர் நடிகருக்கு 8 மீட்டர் பின்னால் இருந்தால், முடிவில் அது பத்தில் ஆறு பங்காகச் சுருங்கும். அரை மீட்டரில் இருந்தால் பத்தில் ஒரு பங்குதான் குறையும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே நீண்ட தாழ்வாரத்தைத் தேடுங்கள்.