முதலில் புள்ளி, பிறகு வெட்டு

மொபைலில் ரீல்ஸ் எடிட் செய்யப் பழகுபவர்கள் பலரிடம் ஒரு குறுக்குவழி உண்டு. எல்லா ஷாட்டையும் அரை வினாடிக்கு நறுக்கி வரிசையாக அடுக்கிவிட்டு, அடியில் பாட்டைப் போட்டுவிடுவார்கள். முதல் சில வெட்டுகள் தாளத்தில்தான் விழும். ஐந்தாறு ஷாட் தாண்டியதும் படம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போகும்.

நிமிடத்துக்கு 128 பீட் ஓடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 0.47 வினாடி. ஷாட்டை அரை வினாடி ஆக்கினால் ஒவ்வொன்றும் 0.03 வினாடி கூடுதல். இது ஒரு ஃபிரேம் அளவுதான், தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கூடுதல் சேர்ந்துகொண்டே போகும். எட்டாவது ஷாட் முடியும்போது வெட்டு இரண்டு பீட்டுக்கு நடுவே விழும். 15 ஷாட் முடிவதற்குள் படம் முழுதாக ஒரு பீட் பின்தங்கிவிடும்.

மார்க்கர் வைத்து வெட்டினால் இந்தப் பிழை சேர வழியில்லை. ஒவ்வொரு வெட்டும் முந்தைய ஷாட்டின் நீளத்தை நம்பாமல், பாட்டின் மேலேயே இருக்கும் ஒரு புள்ளியை நம்பி விழுகிறது. ஒன்று பிசகினாலும் அடுத்தது தன் இடத்தில் இருக்கும்.

விஎன் போன்ற ஆப்களில் பாட்டுத் துண்டின் மேலேயே இப்படிப் புள்ளி வைக்கலாம். முதலில் பாட்டில் எந்தப் பகுதி வேண்டுமோ அதை வெட்டி நிலைப்படுத்துங்கள். பிறகு ஓடவிட்டு, பீட் விழும்போதெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். முடித்ததும் டைம்லைனை விரித்துப் பார்த்தால், ஒலி அலையில் பீட் விழும் இடம் செங்குத்தாக எழுந்து நிற்கும். புள்ளி அந்த ஏற்றத்தின் அடியில் இருக்க வேண்டும், தள்ளியிருப்பதைச் சரிசெய்யுங்கள். தட்டும்போது புளூடூத் இயர்போன் மட்டும் வேண்டாம். அதில் ஒலி தாமதமாகவே காதுக்கு வரும், 0.2 வினாடி தாமதம் என்றாலே ஆறு ஃபிரேம் போய்விடும். வயர் இயர்போனோ போனின் ஸ்பீக்கரோ போதும்.

ஆப் தானாகவே பீட்டைக் கண்டுபிடிக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. சீராக ஓடும் டிரம்ஸுக்கு அது சரி. வேகம் ஏறிக்கொண்டே போகும் கெட்டிமேளத்துக்கு அதை நம்ப முடியாது, கைதான் வேண்டும்.

புள்ளி எல்லா பீட்டிலும் இருக்கலாம், வெட்டு எல்லாவற்றிலும் இருக்கக்கூடாது. பொங்கல் விளையாட்டு விழாவுக்கு 30 வினாடி ரீல் என்று வைத்துக்கொள்வோம். 128 வேகத்தில் அது சரியாக 64 பீட், நான்கு நான்காகப் பிரித்தால் 16 சுற்று. முதல் எட்டுச் சுற்றுக்கு, சுற்றுக்கு ஒரு ஷாட்: கோலம், கூட்டம், கயிறு இழுக்க நிற்கும் பையன்கள். அடுத்த ஆறு சுற்றில் இரண்டு பீட்டுக்கு ஒரு வெட்டாக 12 ஷாட். 15-ஆம் சுற்றில் மூன்று ஷாட்டுகளை பீட்டுக்கு ஒன்றாக அடிக்கலாம். அதுவரை நிதானமாக வந்ததால்தான் இந்த வேகம் கண்ணில் படுகிறது.

கடைசி ஷாட் உறியடி. இங்கே வெட்டு முக்கியமில்லை, பானை உடையும் கணம்தான் முக்கியம். ஆகவே 15-ஆம் சுற்றின் நான்காவது பீட்டில், கம்பு ஓங்கும்போதே ஷாட்டைத் தொடங்கி, பானை உடையும் ஃபிரேம் 16-ஆம் சுற்றின் முதல் புள்ளியில் வரும்படி ஷாட்டின் தொடக்கத்தை நகர்த்திப் பொருத்த வேண்டும். அதன் பிறகு வெட்டாமல் முடிவுவரை ஓடவிடுங்கள். என் கருத்தில், தாளத்தில் விழும் பத்து வெட்டுகளைவிடத் தாளத்தில் விழும் இப்படி ஓர் அடி நன்றாக இருக்கும்.

முடித்துப் பார்க்கும்போது எல்லா வெட்டும் ஒரே அளவு தாமதமாகத் தெரிந்தால், பெரும்பாலும் புள்ளி தட்டிய நேரத்துத் தாமதம்தான் காரணம். பார்க்கும்போது புளூடூத் மாட்டியிருந்தால் மாறாக, வெட்டுகள் பீட்டுக்கு முன்பே விழுவதாகத் தெரியலாம். தொடக்கம் சரியாக இருந்து ஓர் இடத்துக்குப் பிறகு மட்டும் விலகினால், அந்த இடத்து ஷாட்டின் நீளம் மாறியிருக்கிறது. ஷாட்டுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், ஒன்றைக் குறைத்தால் பின்னால் உள்ள அத்தனையும் முன்னால் நகரும், பாட்டு மட்டும் நகராது. இரண்டு ஷாட்டுக்கு நடுவே டிரான்ஸிஷன் போட்டாலும் சில ஆப்களில் இதே கதைதான். அதனால் இடமிருந்து வலமாகவே வெட்டிக்கொண்டு போங்கள். பாதி வேலை முடிந்தபின் முன்னால் உள்ள ஒரு ஷாட் பிடிக்கவில்லை என்றால் அதை அழிக்காமல், அதே நீளத்துக்கு வேறொன்றை மாற்றி வையுங்கள்.