படிவங்களை எண்ணாதீர்கள், தலைகளை எண்ணுங்கள்

ஊரில் ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சி. அனுமதி இலவசம், ஆனால் முன்பதிவு கட்டாயம். அரங்கில் 180 இருக்கைகள். முன்வரிசையில் 12 இருக்கைகளைக் கலைஞர்களின் குடும்பத்தாருக்கும் விருந்தினர்களுக்கும் ஒதுக்கிவிட்டால் பொதுமக்களுக்கு மிஞ்சுவது 168. சிறிய சபாக்கள் இப்போதெல்லாம் இதற்கு கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகின்றன. குழப்பமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

படிவங்கள் ஒரு எண்ணிக்கையைத் தொட்டதும் பதிவைத் தானாக மூடிவிடும் வசதிகள் உண்டு. 168 என்று போட்டுவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அது எண்ணுவது படிவங்களை. நம் ஊரில் யார் ஒற்றை ஆளாக நாட்டியம் பார்க்க வருகிறார்கள்? ஒரு படிவத்துக்குச் சராசரியாக இரண்டு பேர் என்றாலே 336 பேர் வாசலில் நிற்பார்கள். அதனால் ‘கைக்குழந்தை தவிர மொத்தம் எத்தனை பேர்?’ என்ற கேள்வி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கான விடையை ஒன்று முதல் நான்கு வரை பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைப்பது நல்லது. தட்டச்சு செய்யவிட்டால் ‘நானும் அம்மாவும்’ என்று எழுதுவார்கள். அதைக் கூட்ட முடியாது.

வரும் படிவம் ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கைதான், இருக்கை அல்ல. விடைகள் வந்து சேரும் தாளில் ‘நிலை’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, நேர முத்திரை வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ‘உறுதி’ அல்லது ‘காத்திருப்பு’ என்று குறிக்க வேண்டும். தலை எண்ணிக்கை D பத்தியிலும் நிலை E பத்தியிலும் இருந்தால், மிச்சமுள்ள இருக்கைகளை இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
=168-SUMIF(E2:E,"உறுதி",D2:D)
```

மிச்சம் மூன்று என்று காட்டும்போது நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று கேட்டால்? மூவருக்குக் கொடுத்து ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட்டு, சம்மதமில்லை என்றால் முழுக் குடும்பத்தையும் காத்திருப்பில் முதலாவதாக வைத்து, அடுத்து வந்த இருவருக்கு இடம் தரலாம். எந்த முறையானாலும் பதிவு தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நிலையைக் குறிக்கும் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கட்டும். இரண்டு பேர் குறித்தால் கடைசி இருக்கைகள் இருமுறை போய்விடும்.

அடுத்தது மின்னஞ்சல். படிவத்தை நிரப்பியவருக்கு அவர் தந்த விடைகளின் நகலைத் தானாக அனுப்பும் வசதி கூகுளில் இருக்கிறது. அதை அணைத்து வைப்பதே மேல். இடம் நிரம்பிய பிறகும் அந்த நகல் போய்க்கொண்டிருக்கும். பெற்றவர் அதையே அனுமதிச்சீட்டு என்று நம்பி, வெளியூரிலிருந்துகூடக் கிளம்பி வந்துவிடுவார். தானாகப் போகும் நகலை நிறுத்திவிட்டு, உறுதியானவருக்குத் தனியாக ஒரு மடல் அனுப்ப வேண்டும். அதில் பதிவு எண், எத்தனை பேருக்கு இடம், தேதி, கிழமை, எத்தனை மணிக்குள் வந்து அமர வேண்டும் ஆகிய ஐந்தும் மேலேயே இருக்கட்டும். நாட்டியமணியின் குரு பரம்பரையைக் கீழே சொல்லிக்கொள்ளலாம். காத்திருப்பவருக்கும் ‘இது அனுமதி அல்ல’ என்று முதல் வரியிலேயே சொல்லும் மடல் போக வேண்டும்.

மடல்களை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து இந்த வழியில் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அஞ்சல் போகும். உறுதி மடல், காத்திருப்பு மடல், நினைவூட்டல் மூன்றையும் ஒரே நாளில் அனுப்பினால் நூறைத் தாண்டியதும் வேலை நின்றுவிடும். மீதிப் பேருக்கு ஒன்றும் போகாது, அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. இரண்டு நாட்களாகப் பிரித்து அனுப்புங்கள். முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் மடல் திரும்பி வரும். அப்படித் திரும்பியவற்றை அன்றாடம் பார்த்து, தொலைபேசியில் அழைக்க ஒருவர் வேண்டும்.

வாசலில் பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாடு. முதலெழுத்தை ஒருவர் முன்னால் போட்டிருப்பார், இன்னொருவர் பின்னால் போட்டிருப்பார். லட்சுமிகள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். பேத்தி பதிவு செய்துகொடுத்திருக்க, பாட்டி கையில் மடல் இல்லாமல் வந்து நிற்பார். அதனால் பட்டியலைக் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களின்படி அடுக்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். பேத்தியின் எண்ணைப் பாட்டி எப்படியும் வைத்திருப்பார்.

இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்கள் எல்லோரும் வருவதில்லை. இரண்டு நாள் முன்னதாக, ‘வர இயலாவிட்டால் இந்த மடலுக்கு ஒரு வரி பதில் போடுங்கள்’ என்று நினைவூட்டினால் சில இருக்கைகள் திரும்பக் கிடைக்கும். அவற்றைக் காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி கொடுக்கலாம். நிகழ்ச்சி அன்று இதை மின்னஞ்சலில் செய்ய முடியாது, தொலைபேசிதான் சரி. தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காலியாக உள்ள இடங்கள் வாசலில் நிற்பவர்களுக்கு என்பதை உறுதி மடலிலேயே எழுதிவிட்டால், தாமதமாக வருபவர் கோபித்துக்கொள்ள இடமிருக்காது.